மக்ரூனுக்கு வெள்ளைக்கரு அடித்துப் பார்த்தது: எண்ணெய்ப் பிசுக்கு எங்கிருந்து வருகிறது?

தூத்துக்குடி மக்ரூனை மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கத்து அடுக்களையில் செய்யப் போனால் அண்டிப்பருப்புக்குப் பஞ்சமில்லை, முட்டையும் கடைக்குக் கடை கிடைக்கும். தடையாக நிற்பது தேங்காய் எண்ணெய். சட்டி, கரண்டி, தேய்க்கும் நார், கை, தலைமுடி என்று அது இல்லாத இடமே கிடையாது. வெள்ளைக்கருவுக்கு ஆகாத பொருள் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் அதைத்தான் சொல்ல வேண்டும்.

அளவு இது: மூன்று முட்டையின் வெள்ளைக்கரு (ஏறக்குறைய 100 கிராம்), சீனி 150 கிராம், பொடித்த அண்டிப்பருப்பு 150 கிராம், எலுமிச்சைச் சாறு ஒன்றரை டீஸ்பூன். கையில் பிடிக்கும் எலக்ட்ரிக் பீட்டர் போதும்.

வித்தியாசம் கண்ணில் படவேண்டும் என்பதற்காக ஒரே அட்டை முட்டையை மூன்று விதமாக அடித்துப் பார்த்தோம். முதலாவது, சுத்தமான ஸ்டீல் பாத்திரம். ஒரு நிமிடத்தில் நுரை கட்டியது. அதன்பின் குமிழ்கள் சின்னதாகிக்கொண்டே போய், நிறம் பால்வெள்ளையானது. மூன்றாவது நிமிடத்தில் பீட்டரைத் தூக்கினால் முனை எழும்பி வளைந்து விழுந்தது. இதுதான் சாஃப்ட் பீக். சீனி சேர்க்காமல் இன்னும் கொஞ்சம் அடித்ததும் முனை நிமிர்ந்து நின்றது. இது ஸ்டிஃப் பீக். பாத்திரத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் நகரவில்லை.

இரண்டாவது பாத்திரத்தில் மஞ்சள்கரு ஒரு சொட்டு. முதல் நிமிடம் பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது, ஆளை ஏமாற்றுவது இந்த நிமிடம்தான். நுரை வரும், பொங்கவும் செய்யும். ஆனால் குமிழ் சின்னதாகாது. எட்டு நிமிடம் அடித்தும் சோப்பு நுரை மாதிரி பெரிய குமிழாகவே இருந்தது, பீட்டரிலிருந்து ஒழுகியது. பாத்திரத்தைச் சாய்த்தால் அடியில் மஞ்சள் பாய்ந்த தண்ணீர். மூன்றாவது, தேங்காய் எண்ணெய் தொட்ட விரலால் ஒருமுறை உள்பக்கம் தடவிய பாத்திரம். இது சாஃப்ட் பீக் வரை தட்டுத்தடுமாறி வந்தது; அதற்குமேல் ஏறவில்லை. வந்த நுரையும் கொஞ்ச நேரத்தில் அமுங்கிப்போனது.

காரணம் இப்படி. வெள்ளைக்கருவில் பத்தில் ஒன்பது பங்குக்கு அருகில் தண்ணீர். மீதி பெரும்பாலும் புரதம். கொழுப்பு இல்லை என்றே சொல்லலாம். அடிக்கும்போது உள்ளே போகும் காற்றைச் சுற்றி இந்தப் புரதங்கள் வந்து ஒட்டுகின்றன. சுருண்டு கிடந்தவை அங்கே பிரிந்து, தண்ணீரை விரும்பும் பகுதியைத் தண்ணீர்ப் பக்கமும், விரும்பாத பகுதியைக் காற்றுப் பக்கமும் வைத்துக்கொள்கின்றன. பிறகு பக்கத்துப் புரதத்தோடு பிணைகின்றன. குமிழைச் சுற்றி விழும் இந்தத் தோல்தான் நுரையை நிற்கவைக்கிறது. கொழுப்பும் தண்ணீரை விரும்பாததுதான், அதனால் அதுவும் காற்றுப் பக்கத்து இடத்துக்கே ஓடுகிறது. இடத்தைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் பக்கத்தில் இருப்பதோடு பிணையாது. அங்கே தோல் பலவீனமாகி உடைய, இரண்டு குமிழ் ஒன்றாகிப் பெரிதாகிறது. மஞ்சள்கருவில் மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் கொழுப்பு, கூடவே லெசித்தின். லெசித்தின் இருப்பதால் அந்தக் கொழுப்பு தண்ணீரில் சிதறிப் பரவக்கூடியது. தனியாக மிதக்கும் எண்ணெய்ச் சொட்டைவிட வேகமாக வேலையைக் கெடுக்கும். சரியாக அலசாத பாத்திரச் சோப்பும் இதே இடத்துக்குத்தான் போட்டியிடும்.

அதனால் இன்னும் நேரம் அடித்தால் வந்துவிடும் என்று மோட்டாரைச் சூடாக்குவதில் பயனில்லை. மிகச் சின்னப் பிசுக்கு என்றால் எலுமிச்சைச் சாறும் பொறுமையும் சாஃப்ட் பீக் வரை கொண்டுவரலாம். கேக் மாவில் கலக்க அது போதும், மக்ரூனுக்குப் போதாது. அதை ஆம்லெட்டுக்கு ஒதுக்கிவிட்டுப் புது முட்டை எடுப்பதுதான் கணக்குக்குச் சரி.

பிசுக்கு ஒளியும் இடங்கள் சில உண்டு. பிளாஸ்டிக் பாத்திரத்தின் கீறல்களில் எண்ணெய் தங்கும். எவ்வளவு தேய்த்தாலும் நம்ப முடியாது, ஸ்டீலோ கண்ணாடியோ எடுங்கள். அலுமினியம் வேண்டாம், நுரை சாம்பல் நிறமாகும். பீட்டர் கம்பிகள் தண்டோடு சேரும் மூலையில் போன தடவை அடித்த வெண்ணெய் இருக்கும். மீன்கறிச் சட்டி தேய்த்த நாரால் இந்தப் பாத்திரத்தைத் தேய்த்தால் கழுவியதற்கே அர்த்தமில்லை. இன்னொன்று, தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைய ஆரம்பிக்கும். குளிர்ந்த தண்ணீரில் கழுவினால் மெல்லிய படலமாகப் படிந்து நிற்கும். சோப்பும் சுடுதண்ணீரும்தான் அதை எடுக்கும். அலசியபின் கவனியுங்கள்: தண்ணீர் பரப்பு முழுக்க ஒரே படலமாக வழிந்தால் சுத்தம்; முத்து முத்தாகத் திரண்டால் பிசுக்கு இருக்கிறது. கடைசியில் எலுமிச்சைச் சாறு தொட்ட காகிதத்தால் ஒரு துடைப்பு. சாறு எண்ணெயைக் கரைக்காது, எடுப்பது துடைப்புதான். ஆனால் ஒட்டி நிற்கும் புளிப்பு நுரைக்கு நல்லது.

மஞ்சளைப் பிரிக்க முட்டை ஃபிரிட்ஜிலிருந்து வந்த சூட்டோடு, அதாவது குளிர்ச்சியோடு, இருக்கட்டும். மஞ்சளின் தோல் அப்போது இறுக்கமாக இருக்கும். அடிப்பதற்கு முன் வெள்ளைக்கரு மட்டும் அரைமணி வெளியில் இருந்தால் வேகமாகப் பொங்கும். ஒவ்வொரு முட்டையையும் தனிக் கிண்ணத்தில் பிரித்து, சரியாக வந்தால் மட்டும் பெரிய பாத்திரத்தில் ஊற்றுங்கள். மூன்றாவது முட்டை உடைந்து முதல் இரண்டையும் கெடுப்பது இப்படித்தான் தவிரும். விரலிடுக்கில் வடிகட்டுவது பார்க்க அழகு, ஆனால் தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு வேண்டாம். புள்ளியாக மஞ்சள் விழுந்தால் உடைந்த ஓட்டின் விளிம்பால் அள்ளலாம். கோடாக இழுத்துவிட்டால் அந்த வெள்ளையை ஒதுக்குங்கள்.

சரி, அண்டிப்பருப்பிலும் கிட்டத்தட்ட பாதி எடை கொழுப்புதானே, 150 கிராம் போட்டும் மக்ரூன் எப்படி நிற்கிறது? நேரம்தான் விடை. சாஃப்ட் பீக் வந்ததும் எலுமிச்சையும், ஒவ்வொரு ஸ்பூனாகப் பொடித்த சீனியும் சேர்த்து ஸ்டிஃப் பீக் வரை அடித்துவிட்டால் புரதங்கள் பிணைந்து முடிந்திருக்கும், சீனிப்பாகு அவற்றுக்கிடையே தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அதற்குப்பின் வரும் கொழுப்புக்கு நுழைய இடம் குறைவு. பருப்பின் எண்ணெயும் துகளுக்குள் அடைந்தே இருக்கும். ஸ்பாஞ்ச் கேக்கில் மஞ்சள்கருக் கலவையை கடைசியில் மடித்துச் சேர்ப்பதும் இதே கணக்கு.

பருப்புப் பொடிதான் இரண்டாவது கண்ணி. மிக்ஸியைத் தொடர்ந்து ஓட்டினால் சூடேறி எண்ணெய் வெளியே வரும். பொடி விரலில் அப்பும், ஜாரின் அடியில் கட்டியாக ஒட்டும். அந்த எண்ணெய் துகளுக்குள் இல்லை, வெளியே இருக்கிறது; சேர்த்து மடித்த சிறிது நேரத்தில் நுரை இளகும். பருப்பை வெயிலில் காயவைத்து, நன்றாக ஆறியபின் விட்டுவிட்டு ஓட்டிச் சலித்தால் உதிரியாக வரும். மூன்று பங்காகப் பிரித்து, பீட்டரை ஒதுக்கிவிட்டு ரப்பர் கரண்டியால் அடியிலிருந்து மேலாக மடியுங்கள். கலவை காகிதக் கூம்பில் பிழிந்தபின் முனையோடு நிற்க வேண்டும்.

அதிகமாக அடித்ததும் தோல்விதான், ஆனால் அடையாளம் வேறு: நுரை பளபளப்பு இழந்து பஞ்சுத் துண்டுகளாக உதிர்ந்து, ஓரத்தில் தண்ணீர் விடும். பிசுக்கில் கெட்டது கடைசி வரை ஒழுகும், உதிராது. பிழிந்ததை 110 டிகிரி ஓவனில் ஒரு மணி நேரம் வைத்து, ஓவனை அணைத்து உள்ளேயே ஆறவிடுங்கள். தாளிலிருந்து அடி ஒட்டாமல் கழன்று வந்தால் வெந்துவிட்டது. ஆறியவுடன் டப்பாவில் அடைக்க வேண்டும். எடவப்பாதி மழையில் ஒரு மணி நேரம் திறந்து கிடந்தாலே பிசுபிசுக்கும்.