ஒற்றை அடுப்பில் பருப்புச் சோறு

வாயில் பூண்டு மணம் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன். வெளிநாடு வந்து, வாடகை அறையில், என் கையால் பருப்புச் சோறு ஆக்கிச் சாப்பிட்டாகிவிட்டது! பயணத்தை வரிசையாக எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். விமானம், விசா எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஊரைச் சுற்றிக்காட்டி இரட்டிப்புக் காசு கறந்த டாக்சிக்காரரைத் தனியாகத் திட்டி எழுதுகிறேன். அந்தக் காசு கையில் இருந்தால் அரிசி பருப்பு எண்ணெய் எல்லாம் வாங்கி மிச்சமும் இருந்திருக்கும்.

வந்ததிலிருந்து ரொட்டியும் சீஸும்தான். வயிறு நிறைகிறது, ஆனால் சாப்பிட்ட மாதிரியே இல்லை. வெளியில் சாப்பிட்டால் ஒரு வேளைக்கே பர்ஸ் இளைக்கிறது. சமைத்தே தீரவேண்டும்.

என் அறையில் இருப்பது ஒரே ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு. ஊரிலிருந்து அம்மா கட்டிக்கொடுத்த அலுமினியப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி அதன்மேல் வைத்தேன். அடுப்பு பீப் பீப் என்று கத்திவிட்டு அணைந்துபோனது. மறுபடி வைத்தால் மறுபடி கத்தல். வீடியோ காலில் இருந்த அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "முப்பது வருஷமா பொங்கின பாத்திரம்டா அது, அந்த அடுப்புக்கு என்ன வந்துச்சு?"

அடுப்பின் மேல் குறை சொல்ல முடியாது. இண்டக்‌ஷன் நேராகச் சூடாவதில்லை. அடியில் இருக்கும் கம்பிச்சுருள் காந்தப்புலத்தை உண்டாக்க, அதனால் பாத்திரத்தின் அடிப்பாகமே சூடேறுகிறது. அதற்கு அடிப்பாகம் காந்தம் ஒட்டுகிற உலோகமாக இருக்கவேண்டும். வெறும் அலுமினியமும் செம்பும் ஆகாது. எவர்சில்வரிலும் சில ஒட்டும், சில ஒட்டாது. ஃபிரிட்ஜ் கதவில் படம் ஒட்டிவைக்கும் காந்தத்தைப் பாத்திரத்தின் அடியில் வைத்துப் பாருங்கள். கப்பென்று பிடித்தால் வாங்கலாம், வழுக்கி விழுந்தால் கடையிலேயே வைத்துவிடுங்கள். புதிதாக வருகிறவர்கள் பெட்டி கட்டுவதற்கு முன்பே இதைச் செய்துபார்த்தால் எடையும் மிச்சம், காசும் மிச்சம்.

கீழே குடியிருக்கும் வீட்டுக்காரப் பாட்டி கனமான அடி உள்ள ஒரு எவர்சில்வர் பாத்திரத்தை இரவல் கொடுத்தார். மகராசி! அந்தக் கனம்தான் அன்றைக்குக் காப்பாற்றியது. மலிவான இண்டக்‌ஷன் அடுப்புகள் பலவற்றில் தணலைக் குறைத்தாலும் அது சீராக இருக்காது. சிறிது நேரம் முழு வேகத்தில் எரியும், பிறகு சுத்தமாக நிற்கும், மறுபடி முழு வேகம். மெல்லிய பாத்திரமாக இருந்தால் பருப்பு பொங்கி வழிந்து, அடங்கி, திரும்பவும் பொங்கும். கனமான அடி அந்தச் சூட்டை வாங்கிவைத்துச் சீராகக் கொடுக்கிறது.

ஒரே அடுப்பு என்பதால் முதலில் சோறு. ஒரு கப் பச்சரிசிக்கு இரண்டு கப் தண்ணீர், நன்றாகக் கொதித்ததும் அடுப்பைக் குறைத்து மூடி, பன்னிரண்டு நிமிடம். தண்ணீர் வற்றி அரிசியின் மேல் குழிகுழியாகத் தெரிந்ததும் அணைத்துவிட்டு, மூடியைத் திறக்காமல் பத்து நிமிடம் விட்டேன். மீதியை ஆவியே பார்த்துக்கொண்டது. சோற்றை அம்மாவின் அலுமினியப் பாத்திரத்துக்கு மாற்றி, மூடி, கெட்டியான துண்டில் சுற்றிக் கட்டில்மேல் வைத்தேன். பருப்பு வேகும்வரை சூடு ஆறவே இல்லை. அம்மாவுக்குப் பரம திருப்தி. "அதுக்குத்தான் கொடுத்தேன்!"

பருப்புக்குக் குக்கர் கிடையாது. துவரம் பருப்பைத் திறந்த பாத்திரத்தில் மசிய வேகவைக்க ஒரு மணி நேரம்கூட ஆகும்; மின்சாரக் கட்டணம் என் தலையில். அதனால் மைசூர் பருப்பு. ஆரஞ்சு நிறத்தில், தோல் நீக்கி உடைத்த அந்தப் பருப்பு சூப்புக்கென்று சாதாரண மளிகைக் கடைகளிலேயே கிடைக்கிறது. அரை கப் பருப்புக்கு இரண்டு கப் தண்ணீர், மஞ்சள்தூள், நாலு பல் பூண்டு, ஒரு சொட்டு எண்ணெய். நுரை கட்டாமல் இருக்கத்தான் எண்ணெய். மூடியைச் சற்று விலக்கி வைத்தால் வழியாது.

இருபது நிமிடத்தில் குழைந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். அரை மணி ஆகியும் நடுவில் நறநறவென்று இருந்தது. ஃபோனைப் பாத்திரத்துக்கு மேலே நீட்டி அம்மாவிடம் காட்டினால், கேமராவில் ஆவி படிந்து, "பனிமூட்டம்தான் தெரியுது, பருப்பு எங்கடா?" என்கிறார்.

காரணம் கெட்டிலுக்குள் இருந்தது. அதன் அடியில் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைப் படலம். நகத்தால் சுரண்டினால் பொருக்குப் பொருக்காக வந்தது. இந்த ஊர்க் குழாய்த் தண்ணீர் அவ்வளவு உப்புத் தண்ணீர். அதில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் பருப்பின் செல்சுவரை இறுக்கிவிடும். அப்புறம் எவ்வளவு கொதித்தாலும் லேசில் இளகாது. சமையல் சோடா ஒரு சிட்டிகை போட்டேன். கொஞ்ச நேரத்தில் கரண்டியின் பின்புறத்தால் அழுத்தினாலே வெண்ணெயாகக் கரைந்தது. சிட்டிகைக்கு மேல் போனால் சோப்பு ருசி வந்துவிடும், ஜாக்கிரதை. தக்காளியோ புளியோ சேர்ப்பதானால் வெந்த பிறகுதான். புளிப்பும் பருப்பை வேகவிடாது.

அடுத்தது தாளிப்பு. எனக்கு இது இல்லாமல் பருப்பு கிடையாது. கூரையிலோ புகை எச்சரிக்கைக் கருவி கட்டிலுக்கு நேர் மேலே மாட்டியிருக்கிறது, அடுப்புக்கும் அதற்கும் நாலு எட்டு தூரம்கூட இல்லை. இந்த இடத்தில் அதை மாட்டியவரைச் சந்தித்தால் கேட்கவேண்டியது நிறைய இருக்கிறது. கடுகு வெடித்து, சீரகம் சிவந்து, மிளகாயைப் போட்ட மறுநொடி வீடே அதிர அலறல்! கீழேயிருந்து பாட்டி ஒரு துண்டோடு மாடிப்படி ஏறி வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. கட்டில்மேல் ஏறி, சோற்றுப் பாத்திரத்தைத் தாண்டி நின்று, துண்டால் அந்தக் கருவிக்கு விசிறத் தொடங்கினார். ரொட்டி வாட்டினாலே கத்துமாம் அது. ஃபோனில் அம்மா பதறிப்போய், "அந்தம்மா சோத்துல காலை வச்சிறப் போறாங்கடா!" என்று கத்துகிறார். பாட்டி ஃபோனைப் பார்த்து வணக்கம் வைப்பதுபோல் துண்டை ஆட்டிக் காட்டினார். வயிறு வலிக்கச் சிரித்தேன். இந்த ஊருக்கு வந்து அப்படிச் சிரித்தது அப்போதுதான்.

கத்துகிறதே என்று அந்தக் கருவியைக் கழற்றவோ பையால் மூடவோ கூடாது. உயிர் காக்கிற சாமான். எண்ணெய் நூலாகப் புகையத் தொடங்கும் முன்பே கடுகு வெடித்துவிடும். வெடித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, இருக்கிற சூட்டிலேயே சீரகத்தையும் மிளகாயையும் போடலாம், அணைந்த சூட்டில் அவை கருகாது. ஜன்னலை முன்பே திறந்துவைக்கவேண்டும். கருவியில் தற்காலிகமாக நிறுத்தும் பொத்தான் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பாட்டிக்கு ஒரு கிண்ணம் கொடுத்துவிட்டு, தட்டில் சோற்றைக் குவித்து, நடுவில் குழி பறித்துப் பருப்பை ஊற்றினேன். முதல் கவளம் உருட்டும்போதே கண் கலங்கிவிட்டது. அம்மா மிளகாய்க் காரம் என்று நினைத்துத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். குடித்தேன்.

மிச்சச் சோற்றை இரவெல்லாம் மேசைமேல் விடாதீர்கள். வெந்த சோற்றிலும் பிழைத்திருக்கும் ஒருவகைக் கிருமி, வெதுவெதுப்பில் பெருகி விஷத்தை உண்டாக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த விஷம் போகாது. அகலமான தட்டில் பரப்பி ஆறவைத்து, ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். பாட்டி கிண்ணத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்தபோது, அடுத்து என்றைக்குச் சமைப்பாய் என்று கேட்டிருக்கிறார். கனமான பாத்திரம் ஒன்று வாங்கக் காசு சேர்க்கவேண்டும், டாக்சிக்காரர் மட்டும் விட்டுவைத்திருந்தால் இன்றைக்கே வாங்கியிருப்பேன்.