தொண்டையில கோளாறு இல்ல, வாய்ல எச்சில் இல்ல

ஸ்பீச் தெரபிஸ்ட்னு சொன்னா சின்னப் பிள்ளைங்களுக்கு பேச்சு வரவைக்கிற ஆளுன்னுதான் பாதி பேர் நினைக்கிறாங்க, ஆனா ஆஸ்பத்திரியில என் வேலையில பெரும்பங்கு முழுங்க கஷ்டப்படுறவங்களைப் பாக்குறதுதான். பக்கவாதம் வந்தவங்க, தொண்டையில ஆபரேஷன் ஆனவங்கன்னு வருவாங்க. அவங்களோட இன்னொரு கூட்டமும் வரும், தொண்டை நல்லாருக்கும், நரம்பு நல்லாருக்கும், வாய்ல எச்சில் மட்டும் இருக்காது.

எழுபது வயசு தாண்டின ஒரு அம்மாவை மருமகப் பொண்ணு கூட்டிட்டு வந்திருந்தாங்க. "அத்தைக்கு சோறு தொண்டையிலயே நிக்குதுங்க, ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு போதும்னு தட்டைத் தள்ளிடுறாங்க, உடம்பு இளைச்சுப் போச்சு, கட்டி கிட்டி இருக்குமோன்னு பயமா இருக்கு." காது மூக்கு தொண்டை டாக்டர் ஏற்கனவே ஸ்கோப் விட்டுப் பாத்து தொண்டையில ஒண்ணும் இல்லன்னுதான் என்கிட்ட அனுப்பியிருந்தார். அந்த அம்மா சொன்னது வேற, "நாக்கு செத்துப் போச்சு சார், எதைத் தின்னாலும் சப்புன்னு இருக்கு, குழம்பு ஊத்தினா எரியுது."

வாயைத் திறக்கச் சொல்லி கன்னத்து உள்பக்கம் கண்ணாடியை வெச்சு எடுத்தேன், வழுக்கிட்டு வரணும், ஆனா ஒட்டிக்கிட்டு வந்துச்சு. நாக்கை மேல தூக்கினா அடியில சாதாரணமா எச்சில் தேங்கி நிக்கும், இவங்களுக்கு அங்க ஈரமே இல்ல, நாக்கு வேற வெடிப்பு விட்டிருந்துச்சு. அடுத்து கொஞ்சம் கொஞ்சமா தண்ணி குடிக்கச் சொன்னேன், இருமல் இல்ல, குடிச்சதுக்கப்புறம் குரல்லயும் களகளப்பு இல்ல. சாம்பார்ல ஊறப்போட்ட இட்லியும் சிரமமில்லாம இறங்குச்சு. கடைசியா ஒரு மேரி பிஸ்கட்டை கையில கொடுத்தேன், மென்னாங்க, மென்னுக்கிட்டே இருந்தாங்க, முழுங்குற மாதிரி தலையை ஆட்டிட்டு தண்ணி டம்ளரைப் பாத்தாங்க, வாயைத் திறக்கச் சொன்னா மேல் அண்ணத்துல பாதி பிஸ்கட் மாவா அப்பியிருக்கு. தண்ணியும் ஈரமான பண்டமும் போகுது, காஞ்சது மட்டும் நிக்குதுன்னா முதல்ல எச்சிலைத்தான் சந்தேகப்படணும். தண்ணி குடிக்கும்போதே புரை ஏறுதுன்னாலோ, நெஞ்சுல அடைக்குதுன்னாலோ, முதல்ல திடப்பண்டம் அடைச்சு வர வர தண்ணியும் அடைக்குதுன்னாலோ அது வேற வழக்கு, அதை எச்சில் கணக்குல எழுதிட்டு வீட்ல உக்காந்திருக்கக் கூடாது.

மெல்லுறது சோத்தைப் பொடியாக்கத்தான், அந்தப் பொடியை ஒண்ணாச் சேத்து வழவழன்னு ஒரு உருண்டையாக்குறது எச்சில். அது ஒரே உருண்டையா இருந்தாத்தான் நாக்கு பின்னாடி தள்ளினதும் தொண்டை ஒரே மூச்சுல வாங்கி உள்ள அனுப்பும். எச்சில் இல்லன்னா பாதி போகும், மீதி அண்ணத்துலயும் நாக்கோட பின்பக்கம் அடியில இருக்குற குழியிலயும் தங்கிடும், அதைத் தள்ள மறுபடி முழுங்கணும், அதுக்கும் எச்சில் வேணும். இப்ப நீங்களே எதுவும் குடிக்காம அடுத்தடுத்து அஞ்சு தடவை எச்சில் முழுங்கிப் பாருங்க, மூணாவது நாலாவதுலயே இழுக்கும். அவங்களுக்கு ஒவ்வொரு கவளமும் அப்படித்தான். தங்கின துணுக்கு அப்புறம் மூச்சுக்குழாய் பக்கம் வழுக்கினா சாப்பிட்டு முடிச்ச பிறகு புரை ஏறும், வீட்ல "நல்லாத்தானே சாப்பிட்டாங்க"ன்னு குழம்புவாங்க.

பசி போனதும் இதுலேருந்துதான். ருசி மொட்டுக்கு கரைஞ்சு வர்றது மட்டும்தான் தெரியும், நாக்கைத் துணியால ஒத்தி எடுத்துட்டு சர்க்கரையைப் போட்டா ஈரம் ஊறுற வரைக்கும் இனிப்பே தெரியாது. அதே நேரம் எச்சில் பூசியிருக்குற மெல்லிசான படலம் போயிட்டதால மிளகாய் காரம் நேரா தோல்ல படும், அதான் சப்புன்னும் இருக்கு எரியவும் செய்யுது, கேக்குறவங்களுக்கு முரணாத் தோணும். அப்படி இருக்க, கால் மணி நேரத்துல முடியுற சாப்பாடு முக்கா மணி நேரம் இழுத்தா யாருக்குத்தான் தட்டைப் பாத்தா ஆசை வரும். முதல்ல சப்பாத்தி நிக்கும், அப்புறம் பொரியல், அப்புறம் "பால் மட்டும் போதும்மா"ன்னு வந்து நிப்பாங்க.

மாத்திரை எல்லாத்தையும் பையோட கொண்டு வரச் சொன்னேன், சீட்டு இல்ல, பை. சீட்டுல இருந்தது சுகர் மாத்திரையும், கால் எரிச்சலுக்கு ராத்திரி அமிட்ரிப்டிலினும், ஒண்ணுக்கு அடிக்கடி போறதுக்கு சோலிஃபெனசினும். பைக்குள்ள இன்னொண்ணு இருந்துச்சு, மூக்கடைப்புக்கு மெடிக்கல்ல கேட்டு வாங்கின சளி மாத்திரை, அட்டையில குளோர்ஃபெனிரமைன்னு போட்டிருந்தது. எச்சில் சுரப்பிக்கு நரம்பு உத்தரவு அனுப்புறது அசிட்டைல்கோலின்ங்கற ரசாயனம் மூலமா, சுகர் மாத்திரையைத் தவிர மத்த மூணு மாத்திரையும் அந்த உத்தரவு சுரப்பியில போய் சேராம தடுக்குற குணம் உள்ளது. ஒண்ணு மட்டும்னா பல பேர் சமாளிச்சிடுவாங்க, மூணும் சேர்ந்தா இப்படித்தான் ஆகும். ஒவ்வொரு டாக்டரும் அவங்கவங்க மாத்திரையை மட்டும் பாத்தா இது யார் கண்ணுலயும் படாது.

மூக்கடைப்பு இன்னொரு பக்கம். தூக்கத்துல எச்சில் சுரக்குறது ஏற்கனவே ரொம்பக் குறைஞ்சிடும், அதோட ராத்திரி முழுக்க வாயால மூச்சு விட்டா இருக்குற ஈரத்தையும் காத்து உறிஞ்சிடும். அதுக்குப் போட்ட சளி மாத்திரையோ வாயை இன்னும் காய வைக்குது. மூக்கு அடைச்சா வாசனையும் குறையும், பாதி ருசி வாசனையிலதான இருக்கு. பிரிச்சுப் பாக்க நான் கேக்குற கேள்வி சாதாரணமானது, எழுந்திருச்சதும்தான் மோசமா, இல்ல மத்தியானச் சாப்பாட்டுலயும் அப்படியேவா? வாயால மூச்சு விடுறதால வர்ற வறட்சி பெரும்பாலும் காலையில உச்சத்துல இருக்கும், பத்து பதினோரு மணிக்குள்ள தணிஞ்சிடும், மாத்திரையால வர்றது நாள் பூரா இருக்கும். இவங்களுக்கு ரெண்டும் கலந்து இருந்துச்சு. சுகர் ஏறிக் கிடந்தாலும் வாய் காயும்ங்கறதால அதையும் பாத்தாங்க, கட்டுப்பாட்டுலதான் இருந்தது.

எல்லாத்தையும் எழுதி டாக்டர்கிட்ட அனுப்பினேன். சளி மாத்திரை நின்னுச்சு, மூக்குக்கு உப்புத் தண்ணி ஸ்ப்ரே வந்துச்சு, ஒண்ணுக்கு மாத்திரைக்குப் பதிலா வாயை அவ்வளவா காய வைக்காத மிராபெக்ரான் கொடுத்தாங்க, அமிட்ரிப்டிலினைப் படிப்படியா குறைச்சாங்க. இதைப் படிச்சுட்டு யாரும் தானா நிறுத்திடாதீங்க, அமிட்ரிப்டிலினை திடீர்னு விட்டா தூக்கம் கெடும், குமட்டும்.

சாப்பாட்டுல என் பங்கு கொஞ்சம்தான். தண்ணி குடிச்சுக் குடிச்சு இறக்குறதுதான் அவங்க வீட்டு வைத்தியம், ஆனா தண்ணியில எச்சிலோட வழவழப்பு கிடையாது, வாயை நனைச்சுட்டு ஓடிடும், வயித்தை மட்டும் நிரப்பும், பசிக்கு அது இன்னும் கேடு. அதனால சாப்பிட ஆரம்பிக்கும்போது ஒரு மடக்கு, நடுநடுவுல சின்ன மடக்கு, மத்தபடி ஈரம் தட்டுலயே இருக்கட்டும்னு சொன்னேன், காரம் குறைச்ச பருப்பு, ரசத்துல குழையப் பிசைஞ்ச சோறு. தயிர்சாதம் இறுகினா அண்ணத்துல அப்பிக்கும், மோர் விட்டுத் தளர்த்தணும். மாத்திரையை நிமிந்து உக்காந்து ஒரு டம்ளர் தண்ணியோட போடணும், காஞ்ச வாய்ல போட்டது உணவுக்குழாய்ல ஒட்டி புண்ணாக்கிடும், எலும்புத் தேய்வு மாத்திரை, டாக்சிசைக்ளின் எல்லாம் இதுல பேர் போனது.

எல்லாருக்கும் இந்த வழி சரிவராது. கழுத்துக்கு ரேடியேஷன் வாங்கினவங்களுக்கும் ஷோக்ரன் நோய் உள்ளவங்களுக்கும் சுரப்பியே அடிபட்டிருக்கும், அங்க மாத்திரையை மாத்தி ஒண்ணும் ஆகாது, வேற மருந்து பாக்கணும்.

இந்த அம்மா அடுத்த தடவை வந்தப்ப மத்தியானச் சாப்பாடு நல்லா இறங்குதுன்னாங்க, முருங்கைக்காய் சாம்பார் வாசனை தெரியுதாம், எரிச்சலும் பரவால்லயாம். காலை வறட்சி மட்டும் அப்படியேதான் இருக்கு, மூக்கு முழுசா விடல, ராத்திரி வாய் திறந்துக்குது. அதனால ஏழு மணி இட்லியை ஒன்பது மணிக்குத் தள்ளி வெச்சுட்டோம், எழுந்ததும் வாய் கொப்புளிச்சுட்டு கொஞ்சம் வெதுவெதுன்னு கஞ்சி, இட்லி அப்புறமா. மருமகளுக்குத்தான் கொஞ்சம் வருத்தம், வேலைக்குக் கிளம்புற நேரத்துல ரெண்டு தடவை அடுப்பு பத்த வைக்கணுமேன்னு.