வெட்டச் சொன்ன இரண்டு வரிகள்

நீதிபதித் தேர்வுக்குத் தயாராகும் மாணவி ஒருத்தியின் விடைத்தாளில் நான் அடித்த இரண்டு வரிகள் இன்னும் என் மனத்தை விட்டு அகலவில்லை.

கேள்வி, விபத்து நடந்த விதமே கவனக்குறைவைக் காட்டும் என்கிற சட்டக் கோட்பாடான 'ரெஸ் இப்ஸா லாகிட்டர்' பற்றிய சிறுகுறிப்பு. வரம்பு 100 சொற்கள். அவள் எழுதியிருந்தது 131. நிகழ்வே பேசும் என்ற பொருளையும், விபத்துக்குக் காரணமான பொருள் பிரதிவாதியின் கட்டுப்பாட்டில் இருந்திருக்க வேண்டும், கவனக்குறைவின்றி அத்தகைய விபத்து வழக்கமாக நேராது என்ற நிபந்தனைகளையும் சுருக்கமாகவே சொல்லியிருந்தாள். பிறகு 45 சொற்களில் டெல்லி மணிக்கூண்டு வழக்கு: 1951-ல் சாந்தினி சவுக்கில் அது இடிந்து விழுந்து உயிர்கள் பலியானது, அதன் வயது 80 ஆண்டு, அதில் பூசிய சாந்தின் ஆயுளோ 40 முதல் 45 ஆண்டு. கடைசி இரண்டு வரிகளில், இக்கோட்பாடு ஓர் ஊகத்தை மட்டுமே தருகிறது, பிரதிவாதி அதை மறுக்கலாம் என்றும், குற்ற வழக்கில் மெய்ப்பிக்கும் சுமையை இது குற்றம் சாட்டப்பட்டவர் மீது ஏற்றாது என்று 1979-ல் சையத் அக்பர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது என்றும் முடித்திருந்தாள்.

அந்த இரண்டு வரிகளும் சேர்ந்து சரியாக 31 சொற்கள். அடித்துவிட்டேன்.

"மேடம், அப்போ இந்தக் கோட்பாடு எங்கே செல்லாதுன்னு எழுத வேண்டாமா?" என்று கேட்டாள்.

"இடம் இல்லைம்மா. திருத்துபவர் முதலில் வழக்கைத்தான் தேடுவார்" என்றேன்.

நான் சொன்னதில் பொய்யில்லை. நூற்றுக்கணக்கான தாள்களைத் திருத்துகிறவரின் கண் வழக்கின் பெயரில்தான் நிற்கும். நானும் அப்படித்தான் திருத்தியிருக்கிறேன். ஆனால் அன்றிரவு அந்த மணிக்கூண்டுப் பத்தியையே எடுத்து எழுதிப் பார்த்தேன்: 'சுபகவந்தி வழக்கில், 1966-ல், நகராட்சியின் கட்டுப்பாட்டிலிருந்த 80 ஆண்டுப் பழைய மணிக்கூண்டு இடிந்து விழுந்ததே கவனக்குறைவை ஊகிக்கப் போதுமாயிற்று.' எண்ணினால் 14 சொற்கள். மிச்சம் 31. அவளுடைய கடைசி வரிகளுக்கு இடம் இருந்திருக்கிறது. எனக்குத்தான் அது தெரியவில்லை.

சாந்தின் ஆயுளை விட்டுவிட்டால் வழக்கின் உயிர் போய்விடுமே என்றும் தோன்றுகிறது, ஏனெனில் கவனித்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய ஆபத்து அது என்று காட்டுவது அந்த எண்தான். இருந்தாலும், நாளை நீதிபதி இருக்கையில் அமரப்போகிற ஒருத்தி, விபத்து நடந்ததை வைத்தே ஓர் ஓட்டுநரைக் குற்றவாளியாக்க முடியாது என்பதை எழுதிப் பழகியிருந்தாள். அதை இடமில்லை என்று நான் அடித்தேன். அடுத்த அணி மாணவர்களுக்கும் வழக்கை விடாதீர்கள் என்றே சொல்கிறேன். அவளைக் கூப்பிட்டு அந்தப் 14 சொற்களைக் காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன், இன்னும் காட்டவில்லை.