n(a^(1/n) − 1) ஏன் ln a ஆகிறது: ஜேசி மாணவர்களுக்கு ஒரு வழி

ஜூரோங் பக்கம் ஜேசி மாணவர்கள் சிலருக்கு ஹெச்2 மேத்ஸ் சொல்லித் தருகிறேன். a-யின் n-ஆம் மூலத்திலிருந்து 1-ஐக் கழித்து, n-ஆல் பெருக்கி, n-ஐப் பெரிதாக்கிக்கொண்டே போனால் ln a வரும் என்று காட்டச் சொன்னால், பெரும்பாலானோர் ஒரே வழியில்தான் போவார்கள். h = 1/n என்று வைப்பார்கள். கணக்கு (a^h − 1)/h ஆகிவிடும். அப்புறம் லோபிதால் விதி, அதாவது மேலும் கீழும் வகையிடுவது. விடை ln a. முடிந்தது.

அங்கே நான் கேட்பது ஒன்றுதான்: a^x-ஐ வகையிட்டால் a^x ln a வரும் என்பது எப்படித் தெரியும்? அதை நிறுவப் போனால் இதே (a^h − 1)/h-இன் லிமிட்தான் தேவைப்படும். நிறுவ வேண்டியதையே ஆதாரமாக வைத்தாகிவிட்டது. தேர்வில் e^x-இன் தொடரைப் பயன்படுத்தச் சொல்லியிருந்தால் கவலையில்லை. அது சூத்திரப் பட்டியலிலேயே இருக்கிறது. a^(1/n) = e^(ln a / n) என்று எழுதி விரித்தால் இரண்டு வரி. ஆனால் மடக்கை இதற்குள் எங்கிருந்து வந்தது என்று அது காட்டாது.

காட்டுவது பரப்பு. ln a என்பது y = 1/x வளைவுக்குக் கீழே, 1-இலிருந்து a வரை உள்ள பரப்பு. a > 1 என்று வைத்துக்கொள்வோம். பரப்பை மதிப்பிட, வழக்கமாகச் சம அகலச் செவ்வகங்கள் வரைவோம். இங்கே அப்படி வேண்டாம். r = a^(1/n) என்று வைத்து, 1, r, r², r³ என்று rⁿ = a வரை பெருக்குத் தொடராக வெட்டுங்கள். வலப்பக்கம் போகப் போகத் துண்டுகள் அகலமாகும், வளைவோ தாழ்ந்துகொண்டே போகும்.

r^k-இலிருந்து r^(k+1) வரை உள்ள ஒரு துண்டைப் பாருங்கள். அகலம் r^k(r − 1). இடது ஓரத்தில் வளைவின் உயரம் 1/r^k. பெருக்கினால் r^k அடிபட்டு r − 1 மட்டும் மிஞ்சும். எந்தத் துண்டை எடுத்தாலும் இதே பரப்பு! மொத்தம் n துண்டுகள். ஆக n(r − 1). நம் கோவை அதுதான். வளைவு இறங்குமுகம் என்பதால் இந்தச் செவ்வகங்கள் உண்மையான பரப்பைவிடப் பெரியவை. வலது ஓரத்தின் உயரத்தை எடுத்தால் ஒவ்வொன்றும் (r − 1)/r, அவை சிறியவை. ஆகவே

n(r − 1)/r ≤ ln a ≤ n(r − 1)

இதையே ln a ≤ n(r − 1) ≤ r ln a என்று மாற்றி எழுதலாம். n பெரிதாகும்போது r, 1-ஐ நெருங்கும்: rⁿ ≥ 1 + n(r − 1) என்பதால் r − 1 ஒருபோதும் (a − 1)/n-ஐத் தாண்டாது. இரு பக்கமும் ln a-வில் சேர்வதால் நடுவில் உள்ளதும் அங்கேதான் போயாக வேண்டும்.

எண்ணில் பார்க்க a = 2, n = 1024 எடுங்கள். 1024 = 2¹⁰; கால்குலேட்டரில் 2-ஐப் போட்டு வர்க்கமூலத்தைப் பத்து முறை தட்டினால் போதும். 1.00067713 வரும். 1-ஐக் கழித்து 1024-ஆல் பெருக்கினால் 0.693382. இது மேல் வரம்பு. r-ஆல் வகுத்தால் கீழ் வரம்பு 0.692913. இரண்டின் சராசரி 0.693147, ln 2-க்கு ஆறு இலக்கமும் சரி. மேல் வரம்பின் பிழை ஏறக்குறைய (ln a)²/(2n). சராசரி எடுக்கும்போது அந்தப் பிழை அடிபட்டுவிடுகிறது.

n-ஐ இன்னும் பெரிதாக்கினால் இன்னும் துல்லியம்தானே என்று 10¹⁵ போட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. விடை 0 வரும். லிமிட் பொய்யில்லை. 14 இலக்கம் மட்டும் வைத்துக்கொள்ளும் கால்குலேட்டருக்கு 2^(1/10¹⁵) வெறும் 1 தான். கழித்தால் எதுவும் மிஞ்சாது. அப்படிப்பட்ட கருவியில், 2-க்கு n இருபது முப்பது லட்சத்தைத் தாண்டினாலே கடைசி இலக்கங்கள் கெடத் தொடங்கும். 1624-இல் மடக்கை அட்டவணை வெளியிட்ட ஹென்றி பிரிக்ஸ், 10-க்கு 54 முறை தொடர்ந்து வர்க்கமூலம் எடுத்தார், கையால்! அவர் முப்பது இலக்கங்களுக்கு மேல் வைத்துக் கணக்குப் போட்டதற்குக் காரணமும் இதே கழித்தல்தான். பாதி இலக்கங்கள் அதில் போய்விடும்.

a, 1-ஐவிடச் சிறியதாக இருந்தால் படத்தைத் திருப்பி வரைய வேண்டாம். b = 1/a, s = b^(1/n) என்று வையுங்கள். கோவை −n(s − 1)/s ஆகும். மேலே கண்டபடி அது −ln b-க்குப் போகும், அதாவது ln a-வுக்கு. விடைத்தாளில் இந்த ஒரு வரியை விட்டுவிட்டால், நிறுவல் a > 1-க்கு மட்டும்தான் நிற்கும்.