41 சதவீதத்தில் கிடைத்த சீட்: காது கேளாமைப் பிரிவில் நீட் கலந்தாய்வுக்குப் போகிறவர்களுக்கு

கல்லூரியில் சேர்ந்து சில வாரங்கள் ஆகிவிட்டன. மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன். 2024 நீட் கலந்தாய்வில் மாற்றுத்திறனாளிகளுக்கான 5 சதவீத ஒதுக்கீட்டில் எனக்கு எம்பிபிஎஸ் கிடைத்தது. படித்தது எப்படி என்று எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். என்னைத் தூங்கவிடாமல் செய்தது தேர்வு இல்லை, சான்றிதழ் சரிபார்ப்பு. அதிலும் காது சம்பந்தப்பட்டதை மட்டும்தான் எழுதுகிறேன். கை கால், பார்வைப் பிரிவுகளுக்குக் கணக்கே வேறு.

முதலில் எல்லோரும் ஏமாறுகிற இடம். மாவட்டத்தில் வாங்கிய சான்றிதழும் மாற்றுத்திறனாளி அடையாளத்துக்கான யுடிஐடி அட்டையும் கையில் இருந்தால் போதும் என்று ஜூலை வரை நினைத்துக்கொண்டிருந்தேன். 2024 அகில இந்தியக் கலந்தாய்வில் அவை செல்லவில்லை. கலந்தாய்வை நடத்தும் எம்சிசி அறிவித்த மையங்களில் ஒன்றுக்கு நேரில் போய், அங்கே புதிதாகச் சோதித்து, அவர்கள் தரும் சான்றிதழைத்தான் காட்ட வேண்டியிருந்தது. தமிழ்நாட்டுக்குச் சென்னை மருத்துவக் கல்லூரி அந்தப் பட்டியலில் இருந்தது, பக்கத்தில் திருவனந்தபுரம் இருந்தது. நான் போன மையம் எது என்று சொல்லப்போவதில்லை.

என் அட்டையில் 61 சதவீதம் என்று இருந்தது. 40 இருந்தால் ஒதுக்கீடு, நம்மிடம் 61, பிறகென்ன என்று அப்பாவும் நானும் நிம்மதியாக இருந்தோம். ஈரோட்டில் எனக்கு எட்டு வயதிலிருந்து காது மெஷின் செட் செய்து தருகிற ஆடியாலஜிஸ்ட் அக்காதான் அந்த நிம்மதியைக் கெடுத்தார். புதிதாக ஆடியோகிராம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார்.

இரண்டு காதுக்கும் தனித்தனியாகக் குறைபாட்டுச் சதவீதம் வரும். 500, 1000, 2000, 4000 ஹெர்ட்ஸ் நான்கிலும் எத்தனை டெசிபலில் கேட்கிறது என்று பார்த்து, சராசரி எடுத்து, அட்டவணையில் பார்ப்பார்கள். எனக்கு வலது 90, இடது 32. இதைக் கூட்டி இரண்டால் வகுத்தால் 61. என் பழைய அட்டையில் யாரோ அதைத்தான் செய்திருக்கிறார்கள் என்பது என் ஊகம். ஆனால் விதி அப்படி இல்லை. நன்றாகக் கேட்கும் காதின் சதவீதத்தை ஐந்தால் பெருக்கி, மோசமான காதின் சதவீதத்தைக் கூட்டி, ஆறால் வகுக்க வேண்டும். 32 ஐந்து முறை 160, அதோடு 90, மொத்தம் 250. ஆறால் வகுத்தால் 41.67.

அதாவது நான் 61-இல் இல்லை, விளிம்பில் நின்றுகொண்டிருந்தேன். நல்ல காதின் சதவீதம் 32-க்குப் பதில் 29 என்று வந்திருந்தால் 39.17, ஒதுக்கீடு போச்சு. கெட்ட காது எவ்வளவு மோசமாக இருந்தாலும் பெரிதாக உதவாது. ஒரு காது முழுச் செவிடு, இன்னொன்று முற்றிலும் நலம் என்றால் நூறை ஆறால் வகுத்த 16.67 தான் வரும். இந்தக் கணக்கை நீட் விண்ணப்பத்தில் மாற்றுத்திறனாளி என்று டிக் போடுவதற்கு முன்பே போட்டுப் பாருங்கள். ஆடியோகிராம் கையில் இருந்தால் ஆடியாலஜிஸ்ட் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

இப்போது இதன் மறுபக்கம். மருத்துவப் படிப்புக்கு 40-க்கு மேல் இருந்தால் மட்டும் போதாது. நான் சேர்ந்தபோது இருந்த 2019 விதிப்படி, மெஷின் போட்டுக்கொண்டு சோதித்தால் அதே குறைபாடு 40-க்குக் கீழே இறங்க வேண்டும். அதோடு, பேச்சைப் பிரித்தறியும் சோதனையில் 60 சதவீதத்துக்கு மேல் எடுக்க வேண்டும். மெஷின் இல்லாமல் கேட்கக் கூடாது, மெஷினோடு கேட்க வேண்டும். இந்த இரண்டு பக்கக் கத்தியைப் புரிந்துகொள்ளாமல் சிலர் "கேட்டாலும் பட்டனை அமுக்காதே" என்று யோசனை சொல்கிறார்கள். என்னிடமும் ஒரு மாமா சொன்னார். ஒரே அதிர்வெண்ணைத் திரும்பத் திரும்பக் கொடுக்கும்போது நடிப்பவரின் பதில் மாறிக்கொண்டே இருக்கும், அது சோதிப்பவருக்குத் தெரியும். அதற்கு மேல் பெரா சோதனை இருக்கிறது. தலையில் மின்முனை ஒட்டி, நரம்பு ஒலிக்கு என்ன பதில் சொல்கிறது என்று எடுப்பார்கள், அதில் நம் விருப்பத்துக்கு வேலையே இல்லை. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் உண்மையான குறைபாட்டையே சந்தேகிப்பார்கள்.

என் விஷயத்தில் ஆபத்து வேறு இடத்தில் இருந்தது. அந்தப் பேச்சுச் சோதனையில் இருபத்தைந்து சொற்கள் சொல்வார்கள், கேட்டதை நாம் திருப்பிச் சொல்ல வேண்டும், ஒவ்வொன்றுக்கும் 4 சதவீதம். தமிழ்ச் சொற்கள்தான். இதிலென்ன பயம் என்று போய் உட்கார்ந்தேன். அக்கா சொல்லட்டை எடுத்து வாயை மறைத்துக்கொண்டார். "என் வாயைப் பார்க்காம சொல்லு கண்ணு" என்றார்.

பதினான்கு சொற்கள். 56 சதவீதம்.

பன்னிரண்டு வருடமாக நான் பாதி வார்த்தைகளைக் காதால் கேட்கவில்லை, உதட்டில் படித்துக்கொண்டிருந்தேன் என்பது அந்த அறையில்தான் எனக்கே தெரிந்தது. முதல் பெஞ்ச், எதிரே ஆசிரியர் முகம், வீட்டில் அம்மா திரும்பி நின்று பேசினால் எரிச்சல், எல்லாமே அதுதான். நல்லவேளை இது ஜூன் மாதம், ஈரோட்டில் நடந்தது. மையத்தில் நடந்திருந்தால் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

அக்கா மெஷினைத் திறந்து பார்த்தார். காதுக்குள் பொருத்தும் இயர் மோல்ட் மூன்று வருடம் பழையது, காது வளர்ந்து அது தளர்ந்துவிட்டது. சத்தம் கசிந்து மெஷின் விசில் அடிக்கக் கூடாது என்பதற்காக உயர் அதிர்வெண்ணை நானே குறைக்கச் சொல்லியிருக்கிறேன், அது எனக்கு நினைவே இல்லை. ச, த, ப மாதிரி எழுத்துகளைப் பிரிப்பதற்கு அந்தப் பகுதிதான் வேண்டும். புது மோல்ட் எடுத்து, மெஷினை மறுபடி புரோகிராம் செய்து, ஏழு வாரம் தினமும் அரை மணி நேரம் அம்மா என் முதுகுப் பக்கம் நின்று சொற்கள் சொல்ல, நான் திருப்பிச் சொன்னேன். அம்மா காய்கறிப் பெயராகவே சொல்லிக்கொண்டிருந்தார், அது வேறு கதை. ஜூலைக் கடைசியில் 76.

உங்கள் பயிற்சி மையம் ஆயிரம் மாதிரித் தேர்வு வைக்கும். வாயை மறைத்துக்கொண்டு ஒரு பேச்சுச் சோதனை மட்டும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், ஜனவரியிலேயே. மோல்ட் தளர்ந்திருந்தால் அப்போது தெரிந்துவிடும். நான் இதை மூன்று முறை சொல்லச் சொன்னாலும் சொல்வேன்.

அப்புறம் சளி. இது என் சொந்த முட்டாள்தனம். முதல் சுற்று அலாட்மென்டுக்குச் சில நாட்கள் முன்னால் மையத்துக்குப் போனேன், மூக்கடைப்போடு. இரவு ரயில், ஏசி பெட்டி. சளி இருந்தால் இன்னும் கொஞ்சம் குறைவாகத்தானே கேட்கும், நமக்கு நல்லதுதானே என்று மனதின் ஓரத்தில் ஒரு நினைப்பு இருந்ததையும் ஒப்புக்கொள்கிறேன். காதில் காற்றழுத்தம் கொடுத்துப் பார்க்கும் டிம்பனோமெட்ரி சோதனையில் கோடு தட்டையாக வந்தது. செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டியிருக்கிறது, இது தற்காலிகக் குறைபாடு, இந்த நிலையில் சதவீதம் போட முடியாது, மருந்து எடுத்துக்கொண்டு இரண்டு வாரம் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அவர்கள் செய்தது சரி.

அந்த இரண்டு வாரத்துக்குள் முதல் சுற்று முடிந்தது. எனக்கு ஒதுக்கீட்டில் ஒரு சீட் வந்தது, சேரப் போனால் காட்டச் சான்றிதழ் இல்லை. முதல் சுற்றில் சேராமல் விலகினால் இழப்பு எதுவும் இல்லை என்பதால் தப்பித்தேன், இரண்டாம் சுற்றுக்குப் போனேன். கிடைத்தது வீட்டிலிருந்து இன்னும் தள்ளியுள்ள கல்லூரி. ஒரு ஏசி பெட்டிக்கு நான் கொடுத்த விலை.

இரண்டாம் முறை போனபோது இடது 31, வலது 91. கணக்கு 246, ஆறால் வகுத்தால் சரியாக 41. மெஷினோடு 22. பேச்சுச் சோதனை 76.

கொண்டு போக வேண்டியவை:
- நீட் அட்மிட் கார்டு, மதிப்பெண் அட்டை, ஆதார், யுடிஐடி. பெயரும் இனிஷியலும் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.
- பழைய ஆடியோகிராம்கள், தேதி வரிசையில். என்னிடம் ஐந்து வருடத்தவை இருந்தன. இடது காது பெரிதாக மாறவில்லை என்பதற்கு அவைதான் சாட்சி.
- புது பேட்டரி இரண்டு செட். சோதனை அறைக்குள் மெஷின் அணைந்தால் அதுவும் மதிப்பெண்தான்.
- ஒரு வாரம் முன்னால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் அழுக்கு எடுத்திருக்க வேண்டும். நீங்களே பட்ஸ் போட்டுக் குடையாதீர்கள்.
- முந்தைய நாள் ஹெட்போன், கோயில் மைக், மேளம் எதுவும் வேண்டாம்.
- சாப்பாடு. காலையில் போனால் மாலைதான் வெளியே வருவீர்கள்.

2024 அக்டோபரில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பையும் சொல்ல வேண்டும். ஓம்கார் ராம்சந்திர கோண்ட் என்ற மாணவருக்குப் பேச்சுக் குறைபாடு 44–45 சதவீதம் என்பதால் மருத்துவம் படிக்கவே தகுதி இல்லை என்று சொல்லியிருந்தார்கள். 40-ஐத் தாண்டிவிட்டது என்ற எண்ணை மட்டும் வைத்து ஒருவரை விலக்கக் கூடாது, அவரால் படிப்பைத் தொடர முடியுமா என்று மருத்துவக் குழு பார்க்க வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே நான் மேலே எழுதிய மெஷின் விதி இனியும் இதே வடிவில் இருக்கும் என்று நம்பி உட்காராதீர்கள், புது அறிவிப்பைப் படியுங்கள். ஆனால் ஒதுக்கீட்டுக்கு 40 வேண்டும் என்பது 2016 சட்டத்திலேயே இருக்கிறது, அந்த ஐந்து பெருக்கல் கணக்கும் தனியாக நிற்கிறது.

மையத்தில் இரண்டாம் முறை காத்திருந்தபோது என் பக்கத்தில் ஒரு தம்பி. வலது காது பிறவியிலேயே கேட்காது, இடது நன்றாகக் கேட்கும். அவன் அப்பா அட்டையைக் காட்டினார், 50 சதவீதம். எனக்கு உள்ளே போவதற்கு முன்பே விடை தெரிந்துவிட்டது, சொல்ல வாய் வரவில்லை. மதியம் வெளியே வந்தார்கள், 17. அப்பா படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். 40-க்குக் கீழே இருந்தால் ஒதுக்கீடுதான் இல்லை, பொதுப் போட்டியில் மருத்துவம் படிக்க எந்தத் தடையும் இல்லை என்று அவரிடம் எழுதிக் காட்டினேன். அந்தத் தம்பி இப்போது ரிப்பீட்டர் பேட்ச்சில் சேர்ந்திருக்கிறான். இந்த முறை விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தில் டிக் போடப்போவதில்லை என்று போன வாரம் மெசேஜ் அனுப்பினான்.