இடைவெளியைப் பாதியாக்கியும் வெப்பநிலை வித்தியாசம் கூடவில்லை

நகராத தட்டுக்கும் நகரும் தட்டுக்கும் நடுவில் எண்ணெய் அரைபடும்போது எவ்வளவு சூடாகிறது என்று பார்க்க ஒரு உருளை செய்தேன். 100 மி.மீ. விட்டமுள்ள அலுமினிய உருளை உள்ளே சுற்றும், வெளியே லேத்தில் கடைந்த பிவிசி குழாய் நகராமல் நிற்கும், நடுவில் 1 மி.மீ. இடைவெளியில் 90 நம்பர் கியர் ஆயில். இடைவெளி இவ்வளவு சிறியதாக இருப்பதால் வளைவை மறந்துவிட்டு இரண்டு சமதட்டுகளாகவே கணக்குப் போடலாம்.

குழாயைச் சுற்றித் தெர்மாகோல் கட்டியிருக்கிறேன். வெப்பம் அந்தப் பக்கம் போக வழியில்லை, எல்லாம் உருளைக்குள் இறங்க வேண்டும். அதனால் அதிகச் சூடு உருளையை ஒட்டிய எண்ணெயில் இருக்காது, அசையாமல் குழாயைத் தொட்டு நிற்கும் எண்ணெயில்தான் இருக்கும். இரண்டு பரப்புக்கும் உள்ள வித்தியாசம்:

```
ΔT = μU²/(2k)
```

μ எண்ணெயின் பிசுக்குமை, U உருளையின் பரப்பு வேகம், k எண்ணெயின் வெப்பங்கடத்துதிறன். இதில் இடைவெளியே இல்லை! எனக்கு இதைத்தான் கையால் பார்க்க வேண்டியிருந்தது.

உருளையின் வெப்பநிலையைத் தூரத்திலிருந்து அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்தேன். முதல் நாள் முழுக்க வீண், ஏனென்றால் பளபளக்கும் அலுமினியம் 33 டிகிரி என்றே காட்டிக்கொண்டிருந்தது, கை வைத்தால் சுடுகிறது. மேல்முகத்தில் மேட் கறுப்புப் பெயிண்ட் அடித்த பிறகுதான் சரியானது. குழாயின் உட்பரப்புக்குச் சமமாக ஒரு தெர்மோகப்பிள் பதித்தேன்.

நிமிடத்துக்கு 1000 சுற்றில் பரப்பு வேகம் நொடிக்கு 5.2 மீட்டர். இந்த எண்ணெயின் பிசுக்குமை 40 டிகிரியில் சுமார் 0.17 Pa·s, k 0.145 W/m·K, ஆக கணக்கு 16 டிகிரி சொல்கிறது. உருளை 40-ஐத் தொட்டபோது குழாய்ச் சுவர் 50, வித்தியாசம் 10 மட்டும். குழாய்ப் பக்கத்து எண்ணெய் சூடாகி இளகிவிடுகிறது, பிசுக்குமை ஒரே அளவில் இல்லை. சராசரி பிசுக்குமையைப் போட்டால் கணக்கு 13-க்கு இறங்குகிறது. மீதி 3, பிவிசி தானே சூடாகக் குடித்த வெப்பம் என்று நினைக்கிறேன்.

அப்புறம் 101 மி.மீ.க்குக் கடைந்த வேறு குழாயைப் போட்டேன், இடைவெளி அரை மி.மீ. மோட்டார் முக்கியது, உருளை 40-ஐ எட்ட ஒன்றரை நிமிடம் பிடித்தது இப்போது முக்கால் நிமிடத்திலேயே எட்டியது, அதாவது உருவாகும் வெப்பம் ஏறத்தாழ இரட்டிப்பு. ஆனால் வித்தியாசம் அதே 10, சற்றுக் கூட 10.5! வெப்பம் இரட்டிப்பானாலும் கடக்க வேண்டிய எண்ணெய்ப் படலம் பாதிதான்.

500 சுற்றில் வித்தியாசம் 3 டிகிரி. கால்பங்கான 2.5-ஐ விடக் கொஞ்சம் அதிகம், சூடு குறைந்ததால் எண்ணெய் அவ்வளவு இளகவில்லை. அடுத்து உருளையோடு குழாயையும் உலோகமாக்கி, இரண்டு பக்கமும் ஒரே வெப்பநிலையில் வைத்துப் பார்க்க வேண்டும். அப்போது உச்சம் நடுவில் வரும், அளவும் இதில் நான்கில் ஒரு பங்குதான், 1 மி.மீ.க்கு நடுவில் தெர்மோகப்பிளை எப்படி நிறுத்துவது என்பது இன்னும் பிடிபடவில்லை.