பதினைந்து ஆண்டு முடிந்த பிறகும் பிடிக்கப்பட்ட நாலாயிரம்

ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தத் தொகையாக வாங்கிக்கொண்டதற்காக அப்பாவின் ஓய்வூதியத்தில் நடந்துவந்த மாதம் 4,000 ரூபாய் கம்யூட்டேஷன் பிடித்தம், பதினைந்து ஆண்டு முடிந்து 2025 ஜூலை 9-ஆம் தேதி முதல் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. ஜூலையில் பிடித்தார்கள், ஆகஸ்டில் பிடித்தார்கள், அக்டோபர் வரை பிடித்தார்கள். பணம் திரும்ப வந்துவிட்டது, ஆனால் அதற்குள் வங்கியில் கேட்ட பேச்சுகளை இன்னும் மறக்க முடியவில்லை. மத்திய அரசு ஓய்வூதியம் வாங்கும் பெற்றோர் உள்ளவர்கள் இதைப் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் ஓய்வூதிய ஆணையான பி.பி.ஓ.வை ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

அப்பா மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் 2010 மே 31 அன்று ஓய்வு பெற்றார். கடைசிச் சம்பளம் 20,000 ரூபாய். அதில் பாதி, அதாவது 10,000 ரூபாய் ஓய்வூதியம். அதில் அனுமதிக்கப்பட்ட உச்ச அளவான 40 சதவீதத்தை, அதாவது மாதம் 4,000 ரூபாயை விட்டுக்கொடுத்து மொத்தத் தொகையாக வாங்கிக்கொண்டார். அடுத்த பிறந்தநாளில் 61 வயது ஆகிறவருக்குக் கம்யூட்டேஷன் அட்டவணையில் உள்ள எண் 8.194. அதை 4,000 ரூபாயாலும் 12 மாதத்தாலும் பெருக்கினால் 3,93,312 ரூபாய். பி.பி.ஓ.வில் இந்த மூன்று தொகைகளும் அடுத்தடுத்து இருக்கும்: முழு ஓய்வூதியம் 10,000, கம்யூட் செய்தது 4,000, மீதி 6,000. இதுவரை யாருக்கும் குழப்பம் வராது.

குழப்பம் 2016-க்குப் பின் தொடங்குகிறது. ஏழாவது ஊதியக்குழுவில் பழைய ஓய்வூதியத்தை 2.57-ஆல் பெருக்கிய தொகை, பழைய சம்பளத்தைப் புதிய அட்டவணையில் பொருத்திப் பார்த்துக் கிடைக்கும் தொகையில் பாதி, இரண்டில் எது அதிகமோ அதுதான் திருத்திய ஓய்வூதியம். அப்பாவுக்கு முதல் வழியில் 25,700 வந்தது. இரண்டாவது வழியில் 20,000 ரூபாய்ச் சம்பளம் புதிய அட்டவணையின் ஏழாம் நிலையில் 52,000-இல் போய் நின்றது, பாதி 26,000. அந்தத் தொகைக்குத்தான் திருத்திய ஆணை வந்தது. ஓய்வூதியம் இப்படி உயர்ந்தாலும் கம்யூட் செய்த தொகை உயராது. 26,000-இல் 40 சதவீதம் என்று யாரும் புதிதாகக் கணக்குப் போட முடியாது. அன்று விட்டுக்கொடுத்தது 4,000, இன்றும் பிடிக்க வேண்டியது அதே 4,000 மட்டும்தான்.

எங்கள் வங்கி தரும் மாதச் சீட்டில் ‘பேசிக் பென்ஷன்’ என்ற வரியில் 26,000 இருக்காது; பிடித்தம் போக 22,000 என்றுதான் அச்சாகியிருக்கும். கம்யூட்டேஷன் என்று தனி வரியே கிடையாது. ஆகஸ்ட் சீட்டில் இருந்தது இவ்வளவுதான்: பேசிக் 22,000, அகவிலைப்படி 14,300, மருத்துவப்படி 1,000, மொத்தம் 37,300. பிடித்தம் நடக்கிறது என்பதே சீட்டைப் பார்ப்பவருக்குத் தெரியாது.

ஆகஸ்ட் சீட்டோடு வங்கிக்குப் போனேன். கவுன்ட்டரில் இருந்தவர் சீட்டை வாங்கிப் பார்த்து, கால்குலேட்டரைத் தட்டிவிட்டு, “மேடம், அகவிலைப்படி இப்போது 55 சதவீதம்தான். 22,000-க்கு 12,100 வர வேண்டும். உங்கள் அப்பாவுக்கு 14,300 போகிறது. மாதம் 2,200 அதிகமாக வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதிக் கொடுத்தால் மேலே அனுப்புவேன், ரெக்கவரிதான் வரும்” என்றார். அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். 75 வயதுக்காரரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள் என்று சொன்னால் அவர் முகம் எப்படி ஆகும்? “வேண்டாம்மா, வீட்டுக்குப் போகலாம்” என்று எழுந்துவிட்டார்.

அந்தக் கணக்கு முழுத் தவறு. அகவிலைப்படி, கம்யூட்டேஷனுக்கு முந்தைய முழு அடிப்படை ஓய்வூதியத்தின் மேல்தான் கணக்கிடப்படும். 26,000-இல் 55 சதவீதம் சரியாக 14,300. சீட்டில் இருப்பது சரி, அவர் சொன்னதுதான் பிழை. உங்கள் சீட்டையும் இப்படியே சோதிக்கலாம்: அகவிலைப்படித் தொகையை 100-ஆல் பெருக்கி அப்போதைய சதவீதத்தால் வகுத்தால், வங்கி எந்த அடிப்படைத் தொகையை வைத்துக் கணக்குப் போடுகிறது என்பது வெளியே வந்துவிடும். விடை, திருத்திய பி.பி.ஓ.வில் உள்ள முழு ஓய்வூதியமாக இருந்தால் நிம்மதி. பிடித்தம் போன தொகையாக இருந்தால் மாதாமாதம் இழப்பு. அப்பாவின் அளவு ஓய்வூதியத்துக்கே அது 2,200 ரூபாய்.

நிலுவையையும் இதே வழியில் சரிபார்க்கலாம். 2025 ஜூலை முதல் அகவிலைப்படி 58 சதவீதம் என்ற அறிவிப்பு அக்டோபரில்தான் வந்தது. அக்டோபர் சீட்டில் 15,080 ரூபாயும், ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான நிலுவையாக 2,340 ரூபாயும் இருந்தன. 26,000-க்கு 3 சதவீதம் 780. மூன்று மாதத்துக்கு 2,340. சரியாகவே இருந்தது.

ஆகவே அகவிலைப்படியில் பிழை இல்லை. நாங்கள் கேட்கப் போனது வேறு: பதினைந்து ஆண்டு முடிந்தபின் 4,000 ஏன் திரும்ப வரவில்லை என்பது. அதற்கு வங்கியில் கிடைத்த பதில், “கம்ப்யூட்டர் தானாகவே செய்யும், காத்திருங்கள்.” தானாகச் செய்ய வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் கம்ப்யூட்டர் அதில் ஏற்றப்பட்ட தேதியிலிருந்து எண்ணும். அந்தத் தேதி என்ன என்று கேட்டால் யாரும் திரையைத் திருப்பிக் காட்டவில்லை. கடைசியில் கிளை மேலாளரிடம் எழுத்தில் கேட்ட பிறகு, ஓய்வூதியங்களைக் கணக்கிடும் வங்கியின் மையத்திலிருந்து விவரத்தை வாங்கித் தந்தார். கம்யூட்டேஷன் தேதி என்ற இடத்தில் 2017-ஆம் ஆண்டுத் தேதி ஒன்று இருந்தது. திருத்திய ஓய்வூதிய ஆணையைப் பதிவேற்றியபோது ஆணையின் தேதியையே அந்தக் கட்டத்திலும் போட்டிருக்கிறார்கள். அப்படியே விட்டிருந்தால் 2032 வரை பிடித்திருப்பார்கள். ஏழு ஆண்டு, மாதம் 4,000. மூன்று லட்சத்துக்கு மேல். நினைத்தாலே வயிறு எரிகிறது.

சரியான தேதி எது என்பதில் கவனம் வேண்டும். ஓய்வு பெற்ற தேதியிலிருந்து பதினைந்து ஆண்டு என்று எல்லோரும் பொதுவாகச் சொல்கிறார்கள். கம்யூட்டேஷன் பணம் ஓய்வு பெற்ற முதல் மாதத்துக்குள் கைக்கு வந்திருந்தால்தான் அது சரி. பணம் தாமதமாக வந்திருந்தால், எந்த நாளிலிருந்து ஓய்வூதியத்தைக் குறைக்கத் தொடங்கினார்களோ அந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். அப்பாவுக்குப் பணம் 2010 ஜூலை 9 அன்று வந்தது. அதுவரை முழு ஓய்வூதியம் கொடுத்தார்கள், அன்று முதல் குறைத்தார்கள். ஆகவே 2025 ஜூன் 1 என்று கேட்டிருந்தால் மனுவைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். பணம் கொடுத்த நாளை வங்கி பி.பி.ஓ.வில் குறித்து முத்திரை வைத்திருக்கிறது. எங்கள் பிரதியின் உட்பக்கத்தில் மங்கிய மையில் அது இருந்தது. அதைக் காட்டியபோது, “கையால் எழுதியது போதாது” என்றார்கள். நல்லவேளை, அப்பா பழைய பாஸ்புக்குகளை எறிவதில்லை. 3,93,312 வரவு வைக்கப்பட்ட வரி அதே தேதியில் இருந்தது. பி.பி.ஓ. பக்கம், பாஸ்புக் பக்கம், திருத்திய ஆணை மூன்றின் நகலையும் இணைத்து, தேதியைத் திருத்தும்படி ஒரு பக்க மனு கொடுத்து, ஒப்புகை முத்திரை வாங்கிக்கொண்டோம். ஒப்புகை இல்லாமல் எதையும் கொடுக்காதீர்கள். முதலில் கொடுத்த நகல்கள் எங்கே என்று அந்தக் கிளையில் ஒருவருக்கும் தெரியவில்லை.

அதன் பிறகும் அசையாததால் மத்திய அரசு ஓய்வூதியர் குறைகளுக்கான சிபென்கிராம்ஸ் தளத்தில் புகார் பதிந்தோம். 12 இலக்க பி.பி.ஓ. எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். புகாரில் கதை எழுதாமல் இரண்டு தேதிகளை மட்டும் எழுதினேன்: வங்கியில் பதிவாகியிருக்கும் தேதி, பி.பி.ஓ.வில் இருக்கும் தேதி. அதற்குப் பிறகு மையத்திலிருந்தே தொலைபேசியில் அழைத்து விவரம் கேட்டார்கள். பேசிய பெண் பொறுமையாகக் கேட்டார், புரிந்துகொண்டார், செய்தும் கொடுத்தார்.

நவம்பர் சீட்டில் பேசிக் 26,000 என்று அச்சாகி வந்தது. நிலுவை 14,968. ஜூலையில் 9 முதல் 31 வரை 23 நாளுக்கு 2,968. ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபருக்கு 12,000. அப்பா கால்குலேட்டரில் இரண்டு முறை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சீட்டைக் கீழே வைத்தார். அகவிலைப்படி அதே 15,080-தான். முதலிலிருந்தே முழு ஓய்வூதியத்துக்குக் கொடுத்துவந்ததால் அதில் நிலுவை எதுவும் இல்லை. பிடித்தம் நின்றால் அகவிலைப்படியும் கூடும் என்று எதிர்பார்க்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அப்படிக் கூடினால், அதுவரை குறைத்துக் கொடுத்திருக்கிறார்கள் என்று பொருள்; பழைய சீட்டுகளை எடுத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு கூட்டத்துக்கும் சொல்ல வேண்டும். 2016 தொடக்கத்தில் பழைய சம்பளத்தில் ஓய்வு பெற்று, ஏழாவது ஊதியக்குழு ஆணைக்குப் பிறகு கூடுதல் கம்யூட்டேஷன் தொகை வாங்கியவர்களுக்கு இரண்டு தேதிகள் உண்டு. முதல் தொகைக்கு ஒரு பதினைந்து ஆண்டு, கூடுதல் தொகைக்கு இன்னொரு பதினைந்து ஆண்டு. பிடித்தமும் இரண்டு கட்டமாகத்தான் நிற்கும். அவர்களுக்கு முதல் தேதி 2031-இல் வருகிறது. இரண்டு பணமும் வரவான பாஸ்புக் பக்கங்களை இப்போதே நகலெடுத்து பி.பி.ஓ.வுடன் வைத்துவிடலாம்.

தேதியைத் திருத்தியபோதே வங்கியில் பதிவான பிறந்த தேதியையும் அச்செடுத்து வாங்கிக்கொண்டேன். 2030 மே மாதம் அப்பாவுக்கு 80 வயது நிறைகிறது. அந்த மாதம் முதல் தேதியிலிருந்து அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம், இன்றைய கணக்கில் 5,200 ரூபாய், கூடுதலாக வர வேண்டும். அதற்கும் அகவிலைப்படி உண்டு. பிறந்த தேதி சரியாகவே பதிவாகியிருக்கிறது.